ஒரு கொள்முதலைத் தொடர்ந்து நடந்து பார்த்தல்: நெல்லை வட்டார நூற்பாலை இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

வணக்கம். பேட்டை முதல் கங்கைகொண்டான் வரையிலும், மேற்கே அம்பாசமுத்திரம் பக்கத்திலும் நூற்பாலைகளை நடத்திவரும் உங்களுக்கு, இந்த வட்டாரத்து ஆலைகளில் உள்தணிக்கை செய்துவரும் ஒருவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். தணிக்கைக் கோப்புகளில் ஆண்டுதோறும் ‘வாக்த்ரூ’ என்ற தலைப்பில் ஒரு தாள் சேர்க்கப்படுகிறது. ஒரே ஒரு கொள்முதலை எடுத்துக்கொண்டு, சரக்கு வேண்டுமென்று கேட்ட இண்டென்ட் தொடங்கி, பர்ச்சேஸ் ஆர்டர், வாசற்பதிவு, சரக்கு வரவுச் சீட்டு, பில், வங்கிவழிப் பணம் என்று இறுதிவரை அதைத் தொடர்ந்து சென்று, நடைமுறைக் கையேட்டில் எழுதியிருப்பதுபோலத்தான் வேலை நடக்கிறதா என்று பார்ப்பதே அந்தச் சோதனை. அந்தத் தாள் நம் பக்கத்தில் பெரும்பாலும் எவ்வாறு உருவாகிறது என்பதையும், உண்மையாகவே நடந்து பார்த்தால் என்ன தெரியவருகிறது என்பதையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

வழக்கமாக நடப்பது இது. மார்ச் மாதக் கடைசியில் தணிக்கை உதவியாளர் ஒருவர் கணக்குப் பிரிவுக்கு வந்து, பணம் கொடுத்து முடிந்த ஒரு வவுச்சரைக் கேட்கிறார். கணக்கர் தம்மிடமுள்ளவற்றில் எல்லாத் தாள்களும் இணைந்திருக்கும் ஒன்றைத் தேர்ந்து கொடுக்கிறார். அதன் பின்னால் பில், வரவுச் சீட்டு, ஆர்டர், இண்டென்ட் என்று எல்லாமே கோக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கையொப்பம் இருக்கிறது. அளவும் விலையும் பொருந்துகின்றன. அவற்றை நகலெடுத்துக் கோப்பில் சேர்த்து, ‘கட்டுப்பாடுகள் நடைமுறையில் உள்ளன’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் உங்கள் ஆண்டறிக்கையில் உள்நிதிக் கட்டுப்பாடுகள் போதுமானவையாக உள்ளன என்ற வரியில் நீங்கள் கையொப்பமிடுகிறீர்கள். விற்றுமுதல் 50 கோடி ரூபாயையோ, கடன் 25 கோடி ரூபாயையோ எட்டிய தனியார் நிறுவனமென்றால், கம்பெனிச் சட்டத்தின் 143(3)(ஐ) பிரிவின்படி உங்கள் சட்டமுறைத் தணிக்கையாளரும் அதே பொருள்பற்றித் தனியே கருத்துரைக்க வேண்டியவராகிறார்.

முடிவிலிருந்து பின்னோக்கிப் போவது சோதனையே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது காட்டுவது, தாள்கள் இப்போது இருக்கின்றன என்பதை மட்டுமே. கட்டுப்பாடு என்பது ஒரு முடிவு எடுக்கப்படும் நேரத்தில் அங்கே நிற்க வேண்டியது. சரக்கை வாங்கலாமா என்று தீர்மானிக்கும்போது இண்டென்டும், இந்த விலைக்கு வாங்கலாமா என்று தீர்மானிக்கும்போது ஆர்டரும், கேட்டது வந்ததா என்று பார்க்கும்போது வரவுச் சீட்டும் இருந்தனவா என்பதே கேள்வி. முடிந்துபோன வவுச்சரை மட்டும் பார்ப்பவருக்கு அந்தத் தாள்கள் எந்த வரிசையில் பிறந்தன என்பது தெரியாது.

ஓர் ஆலையில் நான் பின்தொடர்ந்த ஒரு கொள்முதலை இங்கே விரித்துச் சொல்கிறேன். ஆலை அடையாளம் தெரியாதபடி தேதிகளையும் தொகைகளையும் சற்றே மாற்றியிருக்கிறேன். நடந்த விதத்தை மாற்றவில்லை. சரக்கு, நூல் சுற்றும் பேப்பர் கோன், 5°57' சாய்வுள்ளது. பஞ்சுக் கொள்முதலைப்போல இயக்குநரே நேரில் கவனிக்கும் பெரிய விஷயமும் அல்ல, சந்திப்புப் பக்கத்துக் கடையில் ரொக்கத்துக்கு வாங்கிவரும் சில்லறைச் சாமானும் அல்ல. மாதந்தோறும் எல்லாப் படிகளையும் கடந்து வர வேண்டிய சாதாரணச் சரக்கு என்பதாலேயே அதைத் தேர்ந்தேன்.

கணக்குப் பிரிவுக்குப் போகாமல், பேக்கிங் பிரிவிலிருந்த இண்டென்ட் புத்தகத்தைத் திறந்து, அதில் ஜூலை 8ஆம் தேதியிட்ட ஒரு சீட்டை எடுத்தேன். அப்போது அந்தக் கொள்முதலுக்குப் பணம் இன்னும் கொடுக்கப்படவில்லை. இது முக்கியம்: பாதி வழியில் இருக்கும் கொள்முதலை எடுத்தால், முடிவடையாத படிகளை நம் கண்முன்னே நடக்கும்போது பார்க்கலாம், நடந்து முடிந்த படிகளுக்கு மட்டும் தாளை நம்பினால் போதும். சீட்டில் 20,000 கோன் என்று எழுதியிருந்தது. ‘கையிருப்பு’ என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்தக் கட்டத்தை ஸ்டோர்கீப்பர் பின் கார்டைப் பார்த்து நிரப்பிய பிறகுதான் மேலாளர் கையொப்பமிட வேண்டும் என்பது கையேடு. மேலாளரின் கையொப்பம் மட்டும் இருந்தது. இதில் நீண்ட நேரம் நிற்கத் தேவையில்லை. கேட்டவர் கேட்டதை எவரும் கேள்வி கேட்கவில்லை என்று குறித்துக்கொண்டு நகர்ந்தேன்.

அடுத்தது பர்ச்சேஸ் ஆர்டர். டாலியில் அது ஜூலை 9ஆம் தேதியிட்டிருந்தது. 20,000 கோன், கோன் ஒன்றுக்கு 5 ரூபாய் 20 காசு, வரி நீங்கலாக 1,04,000 ரூபாய். இண்டென்டுக்கு மறுநாள் ஆர்டர் என்பது இயல்பான வரிசைதான். ஆனால் டாலியில் வவுச்சரின் தேதி என்பது உள்ளிடுபவர் தட்டச்சு செய்வது. அது எந்த நாளாகவும் இருக்கலாம். உண்மையில் எப்போது உள்ளிடப்பட்டது என்பது `Edit Log` பகுதியில்தான் தெரியும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு பதிவும் மாற்றமும் அது நடந்த தேதியுடன் பதிவாகியே தீர வேண்டும், அதை அணைத்துவைக்க இயலக்கூடாது என்று கம்பெனிக் கணக்கு விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. நம் ஆலைகள் பலவற்றில் இதை வாங்கிப் பொருத்தியதோடு சரி. திறந்து பார்ப்பவர் குறைவு. திறந்து பார்த்தபோது, அந்த ஆர்டர் ஜூலை 11ஆம் தேதி மாலை 6.10க்கு உருவாக்கப்பட்டது என்று இருந்தது.

அந்த நேரத்தை வாசற்பதிவேட்டுடன் ஒப்பிட்டேன். கோன் ஏற்றிவந்த லாரி ஜூலை 11 மாலை 4.40க்கு உள்ளே வந்திருந்தது. விற்பவரின் பில் 10ஆம் தேதியிட்டது. ஈ-வே பில்லும் அன்றிரவே எடுக்கப்பட்டிருந்தது. அதாவது பில் வந்த பிறகு, லாரி கயத்தாறைத் தாண்டி வந்து ஆலைக்குள் நின்ற பிறகு, பில்லைப் பார்த்து ஆர்டர் தயாரிக்கப்பட்டிருக்கிறது. கொள்முதல் அலுவலர் இதை மறைக்கவும் இல்லை. இயக்குநர் 9ஆம் தேதியே விற்பவரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டார், சரக்கு வந்த பிறகு தாளைச் சரிசெய்துகொள்வது வழக்கம் என்று இயல்பாகவே சொன்னார். அவர் சொன்னதில் தவறான நோக்கம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பேக்கிங் நிற்கும் நிலையில் ஆர்டருக்காகக் காத்திருக்க முடியாது என்பதும் உண்மையே.

ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். பில்லில் உள்ள விலை ஆர்டரில் ஒப்புக்கொண்ட விலைதானா என்று சரிபார்ப்பதற்காகவே ஆர்டர் இருக்கிறது. பில்லிலிருந்து ஆர்டரை எழுதினால், அந்த விலை ஒருநாளும் பொருந்தாமல் போகாது. இந்தக் கொள்முதலில் முந்தைய மாத விலை 5 ரூபாய் 5 காசு. இப்போது 15 காசு கூடியிருந்தது. 20,000 கோனுக்கு 3,000 ரூபாய். விலை கூடியது நியாயமாகவே இருக்கலாம். தொலைபேசியில் பேசிய இயக்குநர் எந்த விலைக்கு ஒப்புக்கொண்டார் என்று நான் கேட்டபோது, ‘போன தடவை விலைதான்’ என்றே அவர் நினைவில் இருந்தது. அவருடைய நினைவுக்கும் பில்லுக்கும் இடையிலுள்ள அந்த 15 காசைக் கண்டுபிடிக்க வேண்டிய தாள், பில்லின் நகலாகவே பிறந்திருந்தது.

லாரி வந்த இடத்துக்குப் போனேன். வாசற்பதிவேட்டில் காவலர் ‘78 மூட்டை’ என்று எழுதியிருந்தார். மூட்டைக்கு 250 கோன். 20,000 கோனென்றால் 80 மூட்டை வந்திருக்க வேண்டும். ஸ்டோர்ஸில் மறுநாள் காலை போட்ட வரவுச் சீட்டில் 20,000 என்று முழுதாக இருந்தது. ஸ்டோர்கீப்பரிடம், சரக்கு வந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்காமல், அன்று மதியம் வந்த வேறொரு சரக்கை எனக்கு முன்னால் வரவு வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் லாரி ஓட்டுநரிடம் பில்லை வாங்கினார், மேசையில் வைத்தார், அதிலிருந்த அளவைக் கணினியில் தட்டினார், கையொப்பமிட்டார். மூட்டைகள் அப்போது வெளியே இறங்கிக்கொண்டிருந்தன. எண்ணவில்லையா என்றதற்கு, “எண்ணுததுக்கு ஆளு எங்க சார் இருக்கு? பில்லுல இருக்கத எழுதிருவோம்லா. கொறஞ்சா பேக்கிங்ல சொல்லுவாங்க” என்றார்.

இந்த ஒரு பதில்தான் முழுச் சோதனையிலும் விலைமதிப்புள்ளது. அதைப் பெறுவதற்கு வேலை செய்பவரிடம் நின்று, செய்துகாட்டச் சொல்ல வேண்டியிருந்தது. எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டிருந்தால், கையேட்டில் உள்ளதைத்தான் அவரும் சொல்லியிருப்பார். கேள்வி கேட்பவர் எதிர்பார்ப்பதைச் சொல்வது மனித இயல்பு. கேட்பது, பார்ப்பது, தாளை ஆராய்வது, நாமே ஒருமுறை திரும்பச் செய்து பார்ப்பது என்ற நான்கும் ஒரே படியில் சேரும்போதுதான் வாக்த்ரூ எதையாவது காட்டும். நம் கோப்புகளில் பெரும்பாலும் முதலாவதும் மூன்றாவதும் மட்டுமே இருக்கின்றன.

அப்படியானால் காவலரின் 78 சரியா, ஸ்டோர்ஸின் 80 சரியா? காவலரிடம் கேட்டேன். “அண்ணாச்சி, மூட்டைய நீங்க எதுக்கு எண்ணுறீங்க?” என்றதற்கு அவர் சிரித்தபடி, சுமை இறக்குபவர்களுக்கு மூட்டைக் கணக்கில்தான் கூலி, ஒன்று கூடினாலும் குறைந்தாலும் சண்டை வரும் என்றார். உடனே சில்லறை ரொக்க வவுச்சர்களைப் பார்த்தேன். 11ஆம் தேதி இறக்குக்கூலி 78 மூட்டைக்கே கொடுக்கப்பட்டிருந்தது. கொள்முதல் கையேட்டில் எங்குமே குறிப்பிடப்படாத அந்தக் கூலி வவுச்சர்தான் முழு வரிசையிலும் சுதந்திரமாக எண்ணி எழுதப்பட்ட ஒரே தாள். ஏனென்றால் அதை எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் எண்ணிக்கையில் நேரடி அக்கறை இருந்தது. லாரி ரசீதிலும் 78 என்றே இருந்தது. குறைவு இரண்டு மூட்டை, 500 கோன், 2,600 ரூபாய். விற்பவரிடம் தெரிவித்ததும், சரக்கு ஏற்றிய இடத்திலேயே இரண்டு மூட்டைகள் நின்றுபோனதை ஒப்புக்கொண்டு கிரெடிட் நோட் கொடுத்துவிட்டார்.

2,600 ரூபாய்க்காகவா இவ்வளவும் என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். தொகைக்காக அல்ல. ‘மூவழிப் பொருத்தம்’ என்று உங்கள் கையேடு பெருமையாகச் சொல்லும் கட்டுப்பாடு, ஆர்டர், வரவுச் சீட்டு, பில் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே எழுதப்பட்டால் மட்டுமே பொருளுள்ளது. இந்த ஆலையில் ஆர்டர் பில்லைப் பார்த்து எழுதப்பட்டது. வரவுச் சீட்டும் பில்லைப் பார்த்து எழுதப்பட்டது. எனவே கணக்குப் பிரிவு பில்லைப் பில்லுடனேயே மூன்று முறை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. விற்பவர் 80 என்று எழுதினாலும் 90 என்று எழுதினாலும் மூன்று தாள்களும் பொருந்தியே இருக்கும், மூன்று கையொப்பங்களும் விழுந்திருக்கும்.

தணிக்கையாளர் ஆலைக்கு வராமலேயே நீங்கள் இதைக் கண்டுகொள்ள முடியும். ஓராண்டு ஆர்டர்களின் அளவையும் பில்களின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையான வாழ்க்கையில் விற்பவர் சில நேரம் குறைவாக அனுப்புவார், சில நேரம் இரண்டு லாரியாகப் பிரித்து அனுப்புவார், கட்டுக்கணக்குக்காக ஒன்றிரண்டு கூடும். ஆண்டு முழுவதும் ஒரு வித்தியாசமும் இல்லாமல் இருந்தால், அது ஒழுங்கின் அடையாளம் அல்ல. இன்னொன்று, ஆர்டரில் உள்ள பொருள் விவரம் விற்பவரின் பில்லில் உள்ள எழுத்துப்பிழையோடு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த ஆர்டரில் இருந்தது. அதோடு தரப் பரிசோதனைத் தாளில் பத்துக் கோன்களின் எடையும் ஒரே 34 கிராம் என்று எழுதப்பட்டிருந்தது. ஈரப்பதம் ஏறி இறங்கும் காகிதத்தில் பத்தும் ஒன்றாக இருப்பது நடக்காத காரியம். தராசுப் பக்கம் எவரும் போகவில்லை என்றே நினைக்க வேண்டியிருக்கிறது. கோனின் எடை தவறினால் நூலின் நிகர எடையும் தவறும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பில் கணக்குப் பிரிவுக்கு வந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘அளவு பொருந்தாவிட்டால் டாலி ஏற்காது’ என்பது அங்கிருந்தவர்களின் உறுதியான நம்பிக்கை. கணக்குத் தரவின் ஒரு நகலை எடுத்து (நடப்புக் கணக்கில் இதைச் செய்யக்கூடாது), வரவுச் சீட்டில் இருந்ததைவிட 500 கோன் கூட்டி ஒரு பில்லை உள்ளிடச் சொன்னேன். டாலி ஏற்றுக்கொண்டது. அந்த வித்தியாசம் `Purchase Bills Pending` என்ற அறிக்கையில் மட்டும் வந்து நின்றது. ஆகவே உங்கள் கட்டுப்பாடு மென்பொருளில் இல்லை. அந்த அறிக்கையை மாதத்துக்கு ஒருமுறை அச்செடுத்து ஒருவர் படித்துக் கையொப்பமிட்டால் அங்கே இருக்கிறது. அதை யார் படிக்கிறார் என்று கேட்டபோது, கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இனிச் சொல்லப்போவது உங்களைப் பற்றியது. ஆகவே பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். பில்லுக்குரிய பணம் ஆகஸ்ட் 9ஆம் தேதி வங்கியின் இணையவழியில் அனுப்பப்பட்டது. கணக்கர் உள்ளிடுவார், இயக்குநர் ஒப்புதல் தருவார் என்பது ஏற்பாடு. ஒருவரால் மட்டும் பணத்தை வெளியே அனுப்ப முடியாது என்பதே அதன் உயிர். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டபடி நான் கணக்கரின் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். அவர் தம் பெயரில் நுழைந்து தொகையை உள்ளிட்டார், வெளியே வந்தார், பிறகு அதே கணினியில் இயக்குநரின் பெயரிலும் கடவுச்சொல்லிலும் நுழைந்தார். குற்றாலத்தில் சாரலுக்குப் போயிருந்த இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்து, “சார், ஓடிபி வந்திருக்கும்” என்றார். அங்கிருந்து ஆறு இலக்கங்கள் வந்தன. பில் எது, யாருக்கு, எவ்வளவு என்ற கேள்வி எதுவும் வரவில்லை. பணம் போய்விட்டது. வவுச்சரில் இயக்குநரின் கையொப்பம் அடுத்த வாரம் விழுந்தது.

இதை அந்த இயக்குநரிடம் நேரில் சொன்னபோது, கணக்கர் இருபது ஆண்டுகளாக இருப்பவர், குடும்பத்தில் ஒருவர் என்றார். அந்த நம்பிக்கையை நான் மறுக்கவில்லை; அந்தக் கணக்கர்மீது எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரே மனிதர் விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணைப் பதிவுசெய்யவும், மாற்றவும், பணத்தை உள்ளிடவும், ஒப்புதல் தரவும் முடிகிறது. விற்பவரின் பெயரில் ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று போலியாக ஒரு மின்னஞ்சல் வந்தால், நேர்மையான கணக்கரே ஏமாந்து அந்தப் புதிய எண்ணுக்குப் பணத்தை அனுப்பிவிடுவார். தடுக்க வேண்டிய இரண்டாவது கண் குற்றாலத்தில் அருவியைப் பார்த்துக்கொண்டிருக்கும். கொள்முதல் ஆர்டரில் நிகழ்ந்தது உங்கள் தொலைபேசியில் தொடங்கியது. பணம் கொடுப்பதில் நிகழ்ந்ததும் உங்கள் தொலைபேசியில்தான் முடிந்தது. இடையிலிருக்கும் ஊழியர்கள் தாளை நிரப்புகிறார்கள், அவ்வளவே.

இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதற்கு இல்லாத வலிமையை ஏற்றிச் சொல்லும் தணிக்கையாளர்களும் உண்டு. ஒரு கொள்முதலைத் தொடர்ந்து பார்ப்பது, கட்டுப்பாடு எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது, அது நடைமுறைக்கு வந்திருக்கிறதா என்பதைச் சொல்லும். ஆண்டு முழுவதும் அது தவறாமல் நடந்ததா என்பதைச் சொல்லாது. கோன் கொள்முதலில் எண்ணிக்கை தவறியதைக் கண்ட பிறகு, வெவ்வேறு மாதங்களிலிருந்து 25 வரவுச் சீட்டுகளை எடுத்து வாசற்பதிவேட்டுடன் ஒப்பிட்டது வேறொரு சோதனை. இது ஒருநாள் நிகழ்ந்த தவறல்ல, வழக்கம் என்று நிறுவியது அதுதான். மென்பொருளே தடுக்கும் கட்டுப்பாடென்றால் ஒருமுறை சோதித்தாலே பெரும்பாலும் போதும், ஆண்டிடையில் அமைப்பை எவரும் மாற்றவில்லை என்பது உறுதியானால். மனிதர் கையால் செய்யும் கட்டுப்பாட்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது. மேலும், நான் பக்கத்தில் நிற்கும்போது எவரும் சற்றுக் கவனமாகவே வேலை செய்வார்கள். நான் நின்றபோதே எண்ணாத ஸ்டோர்கீப்பர் நிற்காதபோது எண்ணியிருப்பார் என்று கொள்வதற்கு இடமில்லை, ஆனால் நின்றபோது எண்ணியவர் எப்போதும் எண்ணுகிறார் என்று எழுதிவிடவும் கூடாது. இருவர் கூடிச் செய்யும் மோசடியை இது வெளிக்கொணரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

அதுபோல, கோனின் வழி வேறு, பஞ்சின் வழி வேறு. பஞ்சில் தரகர், மாதிரி, எடைமேடை, ஈரப்பதக் கழிவு என்று படிகளே மாறுகின்றன. மோட்டார் ரீவைண்டிங் போன்ற சேவைகளில் வரவுச் சீட்டே இல்லை. இரவு ஷிப்டில் பேரிங் உடைந்து ரொக்கத்துக்கு வாங்கும்போது ஆர்டரும் இல்லை. வழி வேறாக இருக்கும் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். ஒரு கோன் கொள்முதலைப் பார்த்துவிட்டு ‘கொள்முதல் சுழற்சி’ முழுவதற்கும் கருத்துரைப்பது சரியல்ல.

வரவுச் சீட்டின் தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்களுக்குக் கோன், அட்டைப்பெட்டி, சாக்கு தருபவர்களில் பலர் பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் அவர்களுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும்; தாண்டினால் வட்டியும் கொடுக்க வேண்டும், பணம் கொடுத்த ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். ஸ்டோர்ஸ் தன் வசதிக்கு வாரக் கடைசியில் மொத்தமாக வரவு வைக்கும் ஆலைகளில் இந்த நாட்கணக்கு வாசற்பதிவேட்டிலிருந்து விலகி ஓடுகிறது. வாசற்பதிவேட்டு நாளையும் வரவுச் சீட்டு நாளையும் ஒப்பிடுவது வாக்த்ரூவிலேயே அடங்கும். தனிச் செலவு இல்லை.

உங்களிடம் நான் கேட்பவை இவைதான். தொலைபேசியில் ஆர்டர் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று கேட்கமாட்டேன். ஆலை நிற்கும்போது அது தேவைதான். பேசி முடித்ததும் பொருள், அளவு, விலை மூன்றையும் விற்பவருக்கும் கொள்முதல் அலுவலருக்கும் ஒரே செய்தியாகக் கைப்பேசியில் அனுப்பிவிடுங்கள். ஆர்டரைப் பிற்பாடு தட்டச்சு செய்தாலும், பில்லுக்கு முன்பே பிறந்த ஒரு தாள் இருக்கும். அதோடுதான் பில்லை ஒப்பிட வேண்டும் என்று கணக்குப் பிரிவுக்குச் சொல்லுங்கள். வரவுச் சீட்டில் அளவை எழுதும் வரை ஸ்டோர்கீப்பர் கையில் பில் போகக்கூடாது. வாசலில் காவலர் பில்லை வாங்கி நேரே கணக்குப் பிரிவுக்கு அனுப்பட்டும், ஸ்டோர்ஸுக்கு அளவு மறைத்த சலான் நகல் மட்டும் போகட்டும். எண்ணாமல் எழுத முடியாத நிலையில்தான் எண்ணுவார்கள். எண்ணுவதற்கு ஓர் ஆள் கூடுதலாக வேண்டுமென்றால், அந்தச் செலவைக் குறித்துக் குழு முடிவெடுக்க வேண்டும். ஸ்டோர்கீப்பரைக் கடிந்து பயனில்லை.

வங்கிக் கடவுச்சொல்லை இன்றே மாற்றி, உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் உங்கள் கைப்பேசியிலேயே நுழைந்து, பெறுபவரின் பெயரையும் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் பார்த்து ஒப்புதல் தர முடியும். வாரத்தில் இரண்டு நாட்களைப் பணம் கொடுக்கும் நாட்களாக வைத்தால் அது பெரும் சுமையும் ஆகாது.

தணிக்கையாளரைப் பொறுத்தவரை, அடுத்த குழுக் கூட்டத்தில் வாக்த்ரூ தாளைக் கேட்டு வாங்கி, மூன்றே விஷயங்களைப் பாருங்கள். சோதனை இண்டென்டிலிருந்து தொடங்கியதா, வவுச்சரிலிருந்து தொடங்கியதா? ஒவ்வொரு படியிலும் தாளின் தேதியோடு, அது உள்ளிடப்பட்ட நேரமும் எழுதப்பட்டிருக்கிறதா? எந்தெந்தப் படிகள் தணிக்கையாளரின் கண்முன்னே நடந்தன, யார் செய்துகாட்டினார்? இவற்றுக்கு விடை இல்லாத தாளைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு. செப்டம்பர் மாதத்திலேயே, பாதி வழியில் நிற்கும் ஒரு கொள்முதலோடு இந்தச் சோதனையைத் தொடங்கச் சொல்லுங்கள். குறை தெரிந்தால் திருத்திக்கொண்டு, திருத்தம் நிலைத்ததா என்று மீண்டும் பார்க்க மார்ச்சுக்கு முன்னால் ஆறு மாதம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உள்தணிக்கையாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை